அந்த டேங்க் ஏன் ஆடுகிறது?

கேள்வி: எங்களுடையது சின்ன ஃபிளாட். பாத்ரூமைப் புதுப்பிக்கப் போகிறோம். டாய்லெட்டின் பின்சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை 150 செ.மீ. தான் இருக்கிறது. கழிவுக் குழாய் பின்சுவர் வழியாகப் போகிறது. இப்போது இருப்பது தரையில் நிற்கும் பழைய டாய்லெட். மாமியார் எழும்போதெல்லாம் டேங்கைப் பிடித்துப் பிடித்து அது ஆட ஆரம்பித்து, அடியில் தண்ணீர் கசிகிறது. உள் அலங்காரம் செய்பவர், டேங்க் சுவருக்குள் மறைந்து, இருக்கை சுவரில் தொங்கும் வால் ஹங் டாய்லெட் வைத்தால் இடம் மிச்சமாகும், பார்க்கவும் அழகு என்கிறார். டேங்க் எதிரே சுவரில் பட்டனோடு வரும் ஃப்ளஷ் பிளேட் கூட வேண்டாம், பக்கத்துச் சுவரில் சின்ன பட்டன் வைத்துவிட்டு டேங்க் இருக்கும் இடத்தை முழுக்க டைல்ஸால் மூடிவிடலாமாம். பழுது வந்தால் சுவரை உடைக்க வேண்டியிருக்கும் என்று கணவர் பயப்படுகிறார். பகலில் நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விடுவோம். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: உங்கள் கடிதத்தில் மாமியார் ஒரே ஒரு வரியில் வருகிறார். அதுவும் டேங்கைக் கெடுத்தவராக.

எழுந்திருக்கும்போது ஒருவர் உடம்பைத் திருப்பி, கையைப் பின்னால் கொண்டுபோய் டேங்கைப் பிடிக்கிறார் என்றால், முன்னாலும் பக்கத்திலும் பிடிக்க அவருக்கு வேறு எதுவும் இல்லை என்றுதானே அர்த்தம்? டேங்க் ஆடுவது உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. அவர் கால் ஆடுவது படவில்லையா? ஒரு நாளில் ஆறேழு முறை, இரவிலும் கூட, அவர் இதைச் செய்திருப்பார். உங்களிடம் வாய்விட்டுக் கேட்டிருக்க மாட்டார். டாய்லெட்டில் கைப்பிடி வைத்துக் கொடு என்று மருமகளிடம் கேட்க எந்த மாமியாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். கேட்காமலே பார்த்துச் செய்வதற்குத்தான் ஒரே வீட்டில் இருக்கிறோம். உங்களை மட்டும் சொல்லவில்லை, பெற்ற பிள்ளையும் அதே வீட்டில்தானே இருக்கிறார்?

அந்த டேங்க் பீங்கான் இருக்கையின் மேல் இரண்டு மூன்று போல்ட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் ஒரு ரப்பர் வளையம். மேலிருந்து வரும் தண்ணீரின் எடையைத் தாங்கத்தான் அந்த அமைப்பு, பக்கவாட்டில் இழுக்கும் எடைக்கு அல்ல. இழுக்க இழுக்க போல்ட் தளரும், ரப்பர் நகரும், கசியும். என்றாவது ஒரு நாள் பீங்கானே விரிசல் விடும். அப்போது அவர் கை அதன்மேல் இருக்கும். அதனால் புதுப்பிக்கும் வேலை தொடங்கும் வரை காத்திருக்காதீர்கள். இருபுறமும் கைப்பிடியோடு டாய்லெட்டைச் சுற்றி நிற்கும் உலோகச் சட்டம் மருத்துவ உபகரணக் கடைகளில் கிடைக்கிறது. இந்த வாரமே வாங்கி வையுங்கள்.

இப்போது வால் ஹங். அதை வைத்தால் மாமியார் பிடித்துக்கொண்டிருந்த அந்த ஒரே பொருளும் சுவருக்குள் போய்விடும். கை பின்னால் போனால் வழவழப்பான டைல்ஸ்தான் இருக்கும். உங்கள் அலங்காரக்காரர் இதை யோசித்திருக்க மாட்டார். யோசிக்க வேண்டியது நீங்கள்.

இடம் மிச்சம் என்ற கணக்கையும் பார்த்துவிடலாம். டேங்கோடு சேர்ந்த தரை டாய்லெட், சுவரிலிருந்து முன் விளிம்பு வரை ஏறக்குறைய 68 செ.மீ. வரும். உங்கள் 150இல் முன்னால் 82 செ.மீ. மிஞ்சும். வால் ஹங்கில் இருக்கை மட்டும் 53 செ.மீ. தான். ஆனால் டேங்கையும் இருக்கையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தையும் மறைக்கப் பழைய சுவருக்கு முன்னால் இன்னொரு சுவர் எழுப்ப வேண்டும். டைல்ஸோடு சேர்த்து அது 18 செ.மீ. ஆகிவிடும். மொத்தம் 71. மூன்று செ.மீ. நஷ்டம்! 48 செ.மீ. குட்டை இருக்கை வாங்கினால் 66, இரண்டு செ.மீ. லாபம். பெரியவர்கள் நன்றாக உட்கார அந்தக் குட்டை இருக்கை போதாது என்பது வேறு விஷயம். ஏற்கெனவே பின்னால் குழாய்க்கான வெற்றிடம் இருந்து, சட்டம் அதற்குள் போனால்தான் உண்மையில் இடம் மிச்சமாகும். மற்றபடி கிடைப்பது, அடியில் துடைக்க வசதியான வெறும் தரையும், அறை கொஞ்சம் பெரிதாகத் தோன்றுவதும்தான்.

இவ்வளவு சொல்லிவிட்டு, உங்களுக்கு நான் வால் ஹங்கைத்தான் சொல்லப் போகிறேன். காரணம் அழகு அல்ல, உயரம். தரை டாய்லெட்டில் கம்பெனி என்ன உயரம் செய்கிறதோ அதுதான். வால் ஹங்கில் உயரத்தை நாமே முடிவு செய்யலாம், சுவர் மூடும் வரை.

மாமியாரைச் செருப்பில்லாமல் ஒரு நாற்காலியில், பாதம் தரையில் முழுக்கப் படும்படி உட்காரச் சொல்லி, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்து பாருங்கள். 42 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். உட்காரும் பரப்பு அதைவிட இரண்டு மூன்று செ.மீ. மேலே, 45இல் இருந்தால் எழுவது சுலபம். அதற்கும் மேலே போனால் பாதம் தரையில் அழுந்தாது, அதுவும் ஆபத்துதான். சீட்டின் கனம் 3 செ.மீ. என்றால் பீங்கானின் விளிம்பு 42இல் வர வேண்டும். இந்த 42ஐ டைல்ஸ் போட்டு முடிந்த தரையிலிருந்து கணக்கிட வேண்டும். வெறும் கான்கிரீட்டிலிருந்து அளந்து சட்டத்தை மாட்டிவிட்டால், அப்புறம் பூச்சும் டைல்ஸும் சேர்ந்து நாலைந்து செ.மீ. விழுங்கிவிடும். தவறு தெரியும்போது சுவர் மூடியிருக்கும்.

இன்னொரு காரணம், எப்படியும் அந்தச் சுவரை நீங்கள் புதிதாகக் கட்டப்போகிறீர்கள். ஒரு பக்கம் செங்கல் சுவர் இருந்தால் அதில் கைப்பிடியை நேராகப் பொருத்தலாம். மறுபக்கம் திறந்திருந்தால், பின்சுவரிலிருந்து நீண்டு, வேண்டாதபோது மேலே மடக்கும் கைப்பிடி தேவைப்படும். அது உட்காரும் பரப்பிலிருந்து சுமார் 20 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். புதுச் சுவர் பலகையால் ஆனது என்றால் வெறும் பலகை அந்த இழுப்பைத் தாங்காது. அதற்கென்றே வரும் இரும்புத் தாங்கியையோ கனமான பிளைவுட்டையோ சட்டத்தோடு சேர்த்து உள்ளே பொருத்திவிட்டு மூட வேண்டும். இருக்கையின் பாரத்தைப் பற்றிப் பயம் வேண்டாம். தரையிலும் சுவரிலும் ஒழுங்காக போல்ட் போட்ட சட்டங்களைப் பொதுவாக 400 கிலோ வரை சோதித்துத்தான் விற்கிறார்கள்.

அடுத்து உங்கள் கணவரின் பயம். டேங்கில் தேய்ந்துபோகும் பாகங்கள் இரண்டுதான். தண்ணீர் நிரப்பும் வால்வு, ஃப்ளஷ் அடிக்கும் வால்வின் ரப்பர். இரண்டையும் ஃப்ளஷ் பிளேட்டைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகவே வெளியே எடுத்துவிடலாம். தண்ணீரை நிறுத்தும் சின்ன வால்வும் அதற்குள்ளேதான் இருக்கும். டேங்க் ஒரே வார்ப்பாக வருவதால் அதுவாகக் கசிவது அபூர்வம். டேங்கிலிருந்து இருக்கைக்கு வரும் குழாயின் ரப்பர் கசிந்தால், இருக்கையை இரண்டு நட்டைக் கழற்றி இழுத்தால் போதும். அதனால்தான் இருக்கைக்கும் சுவருக்கும் நடுவே வெள்ளைச் சிமென்ட் பூச விடக்கூடாது, சிலிகான்தான். அதையும் சுற்றிலும் பூசாமல் அடிப்பக்கம் கொஞ்சம் திறந்து விடச் சொல்லுங்கள். கசிவு வந்தால் அந்த வழியாகச் சொட்டித் தன்னைக் காட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் சுவருக்குள்ளேயே ஊறும்.

ஆக, அந்தப் பிளேட்தான் டேங்குக்கு வாசல். அந்த வாசலை டைல்ஸால் மூடுகிறேன் என்று ஒருவர் சொல்கிறார், நீங்களும் அதை எனக்கு எழுதிக் கேட்கிறீர்கள்! பட்டனைப் பக்கத்துச் சுவரில் வைக்கலாம், திரும்ப வேண்டியிருக்காது என்பதால் மாமியாருக்கு அது நல்லதும்கூட. ஆனால் டேங்க் எதிரே கழற்றக்கூடிய மூடி இருந்தே ஆக வேண்டும். என் தங்கை வீட்டில் மூடி இருந்தும் வம்பு வந்தது. டைல்ஸ்காரர் ஓட்டையின் விளிம்பை ஒரு விரல் கனம் உள்ளே இழுத்து ஒட்டிவிட்டார். இரண்டு வருடம் கழித்து ரப்பர் தேய்ந்து இருக்கைக்குள் தண்ணீர் மெல்லிய நூலாக ஓடிக்கொண்டே இருந்தது. பின்பக்கப் பீங்கானில் காய்ந்த டிஷ்யூ தாளை ஒட்டிப் பார்த்தபோது நனைந்ததால்தான் தெரிந்தது. வால்வை வெளியே எடுக்க முடியாமல் இரண்டு டைல்ஸ் உடைந்தது. அதனால் டைல்ஸ் போட்டு முடித்த அன்றே, கூலியைக் கொடுக்கும் முன், இரண்டு வால்வையும் முழுக்க வெளியே எடுத்துத் திரும்பப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சுவரை மூடும் முன் டேங்கை நிரப்பி ஒரு ராத்திரி விட்டு, மூட்டுகளைத் தடவிப் பாருங்கள்.

பகலில் நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விடுவோம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் தண்ணீர் நிற்காமல் ஓடினால் வீட்டில் இருப்பது அவர் ஒருவர்தான். பிளேட்டைக் கழற்றி உள்ளே கைவிட்டு வால்வைத் திருகவா சொல்வீர்கள்? டேங்குக்குப் போகும் குழாயில் சுவருக்கு வெளியே, அவர் குனியாமல் எட்டும் உயரத்தில், கால் சுற்றில் மூடும் கைப்பிடி உள்ள தனி வால்வு ஒன்று வைக்கச் சொல்லுங்கள். பார்க்க அழகாக இருக்காது என்பார் அலங்காரக்காரர். அவர் அந்த வீட்டில் இருக்கப்போவதில்லை.

கழற்றக்கூடிய மூடி, சுவருக்குள் கைப்பிடித் தாங்கி, வெளியே வால்வு. இதில் ஒன்றுக்காவது அலங்காரக்காரர் முடியாது என்றால் வால் ஹங்கை விட்டுவிடுங்கள். உட்காரும் உயரம் 45 செ.மீ. வரும் தரை டாய்லெட்டே வாங்கி, சுவரில் கைப்பிடி போட்டுக் கொடுங்கள். தரையோடு திருகில் மாட்டுங்கள், சிமென்டில் புதைக்க வேண்டாம்.

எதை ஆர்டர் செய்வதானாலும் அதற்கு முன் மாமியாரை ஒருமுறை உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். கை இயல்பாக எங்கே போகிறது என்று பார்த்து, சுவரில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பிடி அங்கேதான் வர வேண்டும். அந்தக் குறியை உங்கள் கணவர் போடட்டும்.