கணக்கில் வந்தது 14 லட்சம், வங்கி பார்த்தது 7 லட்சம்

கேள்வி: கோவை சரவணம்பட்டியில் வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதிக் கொடுக்கும் ஃப்ரீலான்சர் நான். 2023-24ல் 11 லட்சம், 2024-25ல் 14 லட்சம், 2025-26ல் 15.5 லட்சம் ரூபாய் வந்தது. ஒரு மாதம் 3 லட்சம் வரும், அடுத்த மாதம் ஒன்றுமே வராது. 44 லட்சத்துக்கு ஃபிளாட் பார்த்து 35 லட்சம் வீட்டுக்கடன் கேட்டேன். 22 லட்சத்துக்கு மேல் முடியாது என்கிறார்கள். பைக் கடனுக்கு மாதம் 6,000 போகிறது, ஒரு தவணைகூடத் தவறியதில்லை. சம்பளச் சீட்டு இல்லாதவன் கடனைக் கட்டுவான் என்று எப்படிக் காட்டுவது? ஒரு ஏஜென்ட், பழைய ரிட்டர்னில் வருமானத்தைக் கூட்டிப் போடலாம் என்கிறார். செய்யலாமா?

பதில்: நீங்கள் அனுப்பிய ரிட்டர்ன் நகல்களையும் வங்கி ஸ்டேட்மென்டையும் பார்த்தேன். அந்த 22 லட்சம் வாய்க்கு வந்தபடி சொன்ன எண் அல்ல. உங்கள் ரிட்டர்னிலேயே அது இருக்கிறது.

இரண்டு ஆண்டும் வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில், ஐ.டி.ஆர்-4 படிவத்தில் தாக்கல் செய்திருக்கிறீர்கள். வந்த தொகையில் பாதியை லாபம் என்று காட்டினால் போதும், கணக்குப் புத்தகம் வேண்டாம் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. 11 லட்சத்துக்கு 5.5 லட்சம், 14 லட்சத்துக்கு 7 லட்சம் என்று உங்கள் ஆடிட்டர் போட்டிருக்கிறார். 2024-25ல் புதிய வரி முறையில் 7 லட்சம் வரை வரி கட்ட வேண்டியதில்லை. வரிக் கோணத்தில் அவர் செய்தது சரிதான். ஆனால் வங்கியின் கிரெடிட் மேனேஜர் உங்கள் டர்ன்ஓவரைக் கடந்து போய், நீங்களே கையெழுத்திட்ட லாபத்தில்தான் நிற்பார். இரண்டு ஆண்டுச் சராசரி 6.25 லட்சம், அதாவது மாதம் 52,000 சொச்சம். அதில் பாதி வரை எல்லாத் தவணைகளுக்குமாகப் போகலாம் என்பது பல வங்கிகள் வைத்திருக்கும் அளவு. அப்படிப் பார்த்தால் 26,000. பைக் தவணை 6,000 போனால் மிச்சம் 20,000. 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு ஒரு லட்சம் கடனுக்கு மாதத் தவணை ஏறக்குறைய 900 ரூபாய். 20,000ஐ 900ஆல் வகுத்தால் 22 லட்சம் வந்துவிடும்.

ஆகவே உங்கள் வருமானம் மாதாமாதம் ஏறி இறங்குவது இங்கே முதல் தடையே அல்ல. உண்மையில் சம்பாதித்ததைவிடக் குறைவான லாபம் காகிதத்தில் இருக்கிறது. அதைச் சரிசெய்யும் இடம் இன்னும் தாக்கல் செய்யாத 2025-26 ரிட்டர்ன்.

44ஏடிஏ பிரிவில் பாதி என்பது குறைந்தபட்சம். அதைவிட அதிகம் சம்பாதித்திருந்தால் அதிகமாகவே காட்டலாம். கோ-வொர்க்கிங் இருக்கை, இணையம், மென்பொருள் சந்தா, அவ்வப்போது உதவும் ஜூனியருக்குக் கொடுத்தது, லேப்டாப் தேய்மானம் எல்லாம் சேர்ந்து போன ஆண்டுச் செலவு 4 லட்சம் என்கிறீர்கள். அப்படியானால் உண்மையான லாபம் 11.5 லட்சம், அதை அப்படியே காட்டுங்கள். 2025-26 நிதியாண்டில் புதிய முறையில் மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாதவரை, தள்ளுபடி போக வருமான வரி பூஜ்யம். 7.75 லட்சம் காட்டினாலும் வரி இல்லை, 11.5 லட்சம் காட்டினாலும் இல்லை. வாடிக்கையாளர்கள் பிடித்த டி.டி.எஸ். இரண்டிலும் முழுதாகத் திரும்பி வரும். வரிக்குப் பயந்து குறைத்துக் காட்டும் பழக்கத்துக்கு உங்கள் வருமான அளவில் இந்த ஆண்டு எந்தக் காரணமும் மிச்சமில்லை. பழக்கத்தில் ஆடிட்டர் மறுபடியும் பாதியைப் போட்டுவிடாதபடி இதை முன்கூட்டியே அவரிடம் பேசிவிடுங்கள். ஒரு கவனம்: வைப்புநிதி வட்டியும் மொத்த வருமானத்தில் சேரும். மியூச்சுவல் ஃபண்டு விற்ற லாபத்தில் தனி விகிதத்தில் வரி போடப்படும் பகுதிக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டுத் தாக்கல் செய்யுங்கள்.

இப்போது அதே கணக்கைத் திரும்பப் போடுவோம். 7 லட்சம், 11.5 லட்சம் இரண்டின் சராசரி 9.25 லட்சம், மாதம் 77,000. பாதி 38,500. பைக் கடனில் மிச்சமிருப்பதை அடைத்துவிட்டால் 42 லட்சம் வரை தகுதி வருகிறது. அடைக்காவிட்டால் 36 லட்சம்தான். 6,000 ரூபாய் தவணை ஆறரை லட்சம் கடனை விழுங்குகிறது என்பதால் அதை முதலில் முடியுங்கள்.

ஆனால் லாபம் ஒரே ஆண்டில் 7லிருந்து 11.5க்குத் தாவினால் கிரெடிட் மேனேஜருக்குச் சந்தேகம் வரும். கடனுக்காகவே ஊதிய எண் என்று நினைத்து, முந்தைய ஆண்டைவிட இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏற்கமாட்டோம் என்று சில நிறுவனங்கள் உச்சவரம்பு போட்டுவிடும். உதாரணமாக 25 சதவீதம் என்று வைத்தால், 11.5 லட்சம் 8.75 லட்சமாகச் சுருங்கி, பைக் கடன் இல்லாத நிலையில் தகுதி 36 லட்சமாகும். உங்களுக்கு அதுவே போதும். ஐ.டி.ஆர்-4ல் செலவு விவரம் இருக்காது. அதனால் மூன்று ஆண்டுக்கும் வரவு-செலவு அறிக்கை ஒன்றை ஆடிட்டரிடம் சான்றாக வாங்கி இணையுங்கள். வரவு 11, 14, 15.5 என்று நிதானமாகத்தான் வளர்ந்திருக்கிறது, மாறியது காட்டிய விகிதம் மட்டுமே என்று அதில் தெரியும். சான்றில் யு.டி.ஐ.என். எண் இருக்கட்டும். பட்டயக் கணக்காளர் கழகத்தின் தளத்தில் அந்த எண்ணை வைத்து வங்கி சரிபார்த்துக்கொள்ளும்.

உங்கள் ஆவணங்களில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. 15.5 லட்சத்தில் 9.5 லட்சம் சிங்கப்பூர் வாடிக்கையாளரிடமிருந்து வந்தது. அங்கே டி.டி.எஸ். பிடிக்கமாட்டார்கள், எனவே அந்தப் பணம் 26ஏஎஸ் படிவத்தில் வராது. ரிட்டர்னை 26ஏஎஸ்ஸோடு ஒப்பிடும் அதிகாரிக்கு 6 லட்சம்தான் கண்ணில் படும், மீதியை நம்ப ஆதாரம் இல்லை. ஒவ்வொரு வெளிநாட்டு வரவுக்கும் வங்கியோ பணம் அனுப்பும் தளமோ தரும் எஃப்.ஐ.ஆர்.ஏ. சான்றை இறக்கி, அதற்குரிய இன்வாய்ஸோடு சேர்த்து மாதவாரியாக அடுக்குங்கள். ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வருகிறதே, அவர் நின்றுவிட்டால் என்ன என்று நேர்காணலில் நிச்சயம் கேட்பார்கள். எந்த ஆண்டிலிருந்து வேலை கொடுக்கிறார், ஒப்பந்தம் எதுவரை என்று அவரிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள்.

அடுத்து வங்கிக் கணக்கு. உங்கள் பழக்கம் சேமிப்புக்கு நல்லது, கடனுக்குக் கெடுதல். 3 லட்சம் வந்த வாரமே முழுவதையும் லிக்விட் ஃபண்டுக்கு அனுப்பிவிடுகிறீர்கள். பிறகு பல நாள் கணக்கில் இரண்டு, மூன்றாயிரம்தான் நிற்கிறது. கடன் தரும் நிறுவனங்கள் மாதத்தில் 5, 15, 25 போன்ற சில தேதிகளின் இருப்பை எடுத்துச் சராசரி பார்க்கும், அது உத்தேசத் தவணையைவிடக் குறைந்தால் தயங்கும். உங்கள் கையில் பணம் இருக்கிறது, ஆனால் ஸ்டேட்மென்ட் உங்களை வறண்டவராகக் காட்டுகிறது. வரவு அனைத்தும் ஒரு நடப்புக் கணக்கில் விழட்டும். அதிலிருந்து மாதம் 1ஆம் தேதி 80,000 ரூபாயைச் சேமிப்புக் கணக்குக்கு உங்களுக்கு நீங்களே சம்பளம்போல மாற்றுங்கள். வரவில்லாத மாதத்திலும் இது நிற்கக் கூடாது. அதற்காக இரண்டு, மூன்று மாதத் தொகை நடப்புக் கணக்கிலேயே கிடக்கட்டும், வட்டி போகிறதே என்று பார்க்காதீர்கள். விண்ணப்பிக்கும் முன் ஆறு மாதமாவது இந்த ஒழுங்கு தெரிய வேண்டும். நண்பரிடம் ஒரு லட்சம் வாங்கிப் போட்டு இருப்பைக் காட்டுவது உதவாது. பெரிய தொகை வந்து சில நாளில் அதே பெயருக்குத் திரும்பிப் போனால் அதைத்தான் முதலில் குறித்து வைப்பார்கள்.

ஏஜென்ட் சொன்னது வேண்டாம். 2024-25 ரிட்டர்னைத் திருத்தும் கெடு முடிந்துவிட்டது. இனி அவர் செய்யக்கூடியது கூடுதல் வரி கட்டிப் போடும் புதுப்பித்த ரிட்டர்ன். அந்த ஆண்டுக்கு 10.5 லட்சம் காட்டினால் தள்ளுபடி பறிபோய் ஏறக்குறைய 60,000 ரூபாய் வரி, அதன்மேல் குறைந்தது 25 சதவீதம் கூடுதல், வட்டியும் உண்டு. தாக்கல் தேதி ரிட்டர்னிலேயே அச்சாகியிருப்பதால், கடன் கேட்பதற்குச் சற்று முன் போட்டது என்று வங்கிக்கு உடனே தெரியும். இத்தனை செலவழித்தும் நம்பிக்கை கூடாது. சம்பாதிக்காத வருமானத்தைக் காட்டச் சொன்னால் அது பொய் ஆவணம் கொடுத்துக் கடன் வாங்குவது, அந்தப் பக்கம் திரும்பவே திரும்பாதீர்கள். அவர் மூலம் ஒரே வாரத்தில் நாலைந்து இடங்களில் விண்ணப்பிக்கவும் வேண்டாம். ஒவ்வொன்றும் சிபில் அறிக்கையில் விசாரணையாகப் பதியும்.

கடைசியாக வங்கி கேட்காத, நான் கேட்கும் ஒரு கணக்கு. 35 லட்சத்துக்கு 9 சதவீதத்தில் தவணை 31,500. வீட்டுச் செலவு 45,000, நிறுத்த முடியாத தொழில் செலவு 15,000 என்றால் மாதம் 91,500 வேண்டும். போன ஆண்டு ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை உங்களுக்கு வந்தது மொத்தமே 85,000. அந்த மூன்று மாதம் மறுபடி வந்தால் 2,74,500 தேவை, துண்டு விழுவது 1,89,500. ஃபிளாட்டுக்கு 9 லட்சம் கைப்பணமும், பொதுவாகக் கடனில் சேராத முத்திரைத்தாள், பதிவுச் செலவும் கொடுத்த பிறகு, இந்த 2 லட்சம் யாரும் தொடாமல் தனியே நிற்க வேண்டும். நிற்காது என்றால் 35 லட்சம் ஒப்புதல் கிடைத்தாலும் வாங்காதீர்கள். ஆறு மாதம் சேர்த்துவிட்டு வாங்குங்கள், அல்லது இதைவிட விலை குறைந்த ஃபிளாட்டைப் பாருங்கள்.