நெட் இல்லாத இடத்தில் கூகுள் டிரான்ஸ்லேட்: ஆஃப்லைன் பேக் பற்றிக் கேள்வி பதில்

அடுத்த மாதம் ஜப்பான் போகிறோம். ஜப்பானிய பேக்கை இறக்கிவிட்டேன். ஏரோப்ளேன் மோடில் போட்டால் தமிழிலிருந்து மாற்ற மாட்டேன் என்கிறது. ஏன்?

தமிழ் பேக்கையும் இறக்குங்கள். ஒவ்வொரு பேக்கும் அந்த மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவில்தான் ஓடும். தமிழ் முதலில் ஆங்கிலமாகி, பிறகு ஜப்பானியமாகும். ஆங்கிலம் ஆப்போடு சேர்ந்தே வருகிறது, தனியாக இறக்க வேண்டாம். உங்கள் படத்தைத் தொட்டு Downloaded languages போனால் இருப்பது தெரியும். அப்புறம், சில போன்களில் ஏரோப்ளேன் மோடிலும் வைஃபை அணையாமல் இருக்கும். அதையும் அணைத்துவிட்டுச் சோதியுங்கள்.

ஒரு பேக் 40 எம்பி பக்கம்தான் வருகிறது. உள்ளே இருப்பது அகராதிதானே அண்ணா?

அளவு சரி தம்பி, அகராதி என்பதுதான் சரியில்லை. 2018 ஜூனில் 59 மொழிகளுக்கு இந்த வகை பேக்கை கூகுள் கொடுத்தபோதே ஒன்று 35 முதல் 45 எம்பிதான். அதில் வாக்கியங்கள் சேமித்து வைக்கப்படவில்லை. ஏராளமான மொழிபெயர்ப்புகளைப் பார்த்துப் பழகிய நியூரல் மாடல் ஒன்றை, போனுக்குள் அடங்கும்படி சுருக்கி வைத்திருக்கிறார்கள். முந்தைய ஆஃப்லைன் முறை வாக்கியத்தைத் துண்டு துண்டாக மாற்றியது, இது முழு வாக்கியத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. ஆனாலும் சுருக்கியது சுருக்கியதுதான். நீளமான வாக்கியத்திலும் ஆள் பேர், ஊர்ப் பேரிலும் தடுமாறும். இரண்டு சின்ன வாக்கியமாக உடைத்துக் கொடுங்கள்.

ஆங்கிலம் நடுவில் நிற்பதால் வேறொரு தொல்லையும் உண்டு. "என் அக்கா வருகிறாள்" என்று கொடுத்தால் நடுவில் வெறும் sister ஆகிவிட வாய்ப்பு அதிகம். ஜப்பானியத்தில் அக்காவுக்கும் தங்கைக்கும் தனித்தனிச் சொல் இருந்தும் ஆப்புக்கு எது என்று தெரியாது. "என்னைவிட மூத்த சகோதரி" என்று எழுதினால் பெரும்பாலும் தப்பிக்கும். வந்த விடையைத் திருப்பித் தமிழுக்கு மாற்றிப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

எனக்கு ஜப்பான் எல்லாம் இல்லை, இந்திதான். போனில் இடம் இல்லை என்று சுத்தம் செய்தேன், பேக் எல்லாம் போய்விட்டது. கேஷ் அழித்ததால்தானே?

அக்கா, Clear cache அழுத்தியிருந்தால் பொதுவாகப் போகாது. பக்கத்திலேயே இருக்கும் Clear storage அழுத்தியிருப்பீர்கள். அது இறக்கிய பேக் எல்லாவற்றையும் துடைத்துவிடும். வைஃபையில் மறுபடி இறக்க வேண்டியதுதான். அடுத்த முறை இடம் வேண்டுமென்றால் Downloaded languages பட்டியலில் வேண்டாத மொழியை மட்டும் நீக்குங்கள்.

என் போனில் நெட் இல்லாமல் பேசினால் கேட்பதில்லை, கணவர் போனில் கேட்கிறது. பேக் ஒன்றேதானே?

பேச்சைக் கேட்டு எழுத்தாக்குவதும், எழுத்தை வாசித்துக் காட்டுவதும் இந்த பேக்கின் வேலை இல்லை. அவை போனில் இருக்கும் வேறு குரல் வசதியைப் பொறுத்தவை. வாசிக்கும் குரலை Text-to-speech அமைப்பில் தனியாக இறக்கலாம். கேட்கும் பக்கம் ஏன் இரண்டு போனில் இரண்டு விதம் என்று இங்கிருந்து சொல்ல முடியவில்லை. இரண்டும் என்ன மாடல், எந்த மொழியில் பேசினீர்கள் என்று எழுதுங்கள், பார்க்கலாம். அதுவரை தட்டச்சு செய்து காட்டுங்கள்.