பிறந்த நேரம் இல்லாதவருக்குச் சந்திர லக்னம்

கேள்வி: அப்பாவுக்குப் பிறந்த தேதி மட்டும்தான் தெரியும், நேரம் தெரியாது. லக்னம் இல்லாமல் ராசியை வைத்து ஜாதகம் பார்க்க முடியுமா?

பார்க்கலாம், ஆனால் பாதி ஜாதகம்தான். லக்னம் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை மாறும். சந்திரனோ ஒரு ராசியில் இரண்டே கால் நாள் இருப்பார். அதனால் தேதி சரியாக இருந்தால் ராசி பெரும்பாலும் கிடைத்துவிடும். அந்த ராசியை ஒன்றாம் வீடாக வைத்து எண்ணுவதுதான் சந்திர லக்னம்.

எல்லோருக்கும் தெரிந்த ஜாதகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 1947 ஆகஸ்ட் 15, நள்ளிரவு, டெல்லி. லக்னம் ரிஷபம். கடகத்தில் சூரியன், சந்திரன், புதன், சுக்கிரன், சனி, துலாத்தில் குரு, மிதுனத்தில் செவ்வாய். இப்போது நேரம் தொலைந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அன்று முழுவதும் சந்திரன் கடகத்தில்தான், மற்ற கிரகங்களும் ராசி மாறவில்லை. ஆகவே கடகத்திலிருந்து எண்ணினால் குரு நான்கில். சந்திரனுக்குக் கேந்திரத்தில் குரு என்பதால் கஜகேசரி யோகம். இதற்கு லக்னமே தேவையில்லை. ஆனால் அமாவாசைக்கு முந்தைய தேய்பிறைச் சந்திரன், கூடவே ஏழு, எட்டுக்குடைய சனி. அதனால் யோகம் முழுப் பலன் தரும் என்று நான் எழுத மாட்டேன்.

இதே குரு ரிஷப லக்னத்துக்கு எட்டாம் அதிபதியாகி ஆறில் மறைகிறார். கடகத்திலிருந்து பார்த்தால் ஒன்பதாம் அதிபதி நான்கில். ஒரே கிரகத்துக்கு இரண்டு கதை! லக்னம் இல்லாதபோது முதல் கதை நம் கண்ணுக்கே வராது. அதனால் வீட்டு ஆதிபத்தியத்தை வைத்துத் தீர்ப்பாகச் சொல்லும் பலனைக் கொஞ்சம் அடக்கியே வாசிக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் தசை. நள்ளிரவில் சந்திரன் பூசத்தில் அப்போதுதான் நுழைந்திருந்தார். சனி தசை மொத்தம் 19 வருடம், கர்ப்பச் செல் போக இருப்பு ஏறக்குறைய 18. அன்று இரவு பூசம் முடியும் தறுவாயில் பிறந்த குழந்தைக்கு இருப்பு சில வாரம்கூட இருக்காது, உடனே புதன் தசை. ஒரே தேதிதான், தசைக் கணக்கு 18 வருடம் நகர்ந்துவிடுகிறது. நேரம் தெரியாத ஜாதகத்துக்கு யாராவது தசாபுத்தி போட்டு 'இந்த மாதம் இது நடக்கும்' என்றால் நம்பாதீர்கள்.

கோசாரம் அப்படியில்லை. ஏழரைச் சனி, அஷ்டமச் சனி, குருப் பெயர்ச்சி எல்லாமே ராசியிலிருந்து எண்ணுவதுதான், அதைத் தாராளமாகப் பார்க்கலாம்.

முதலில் அப்பாவின் பிறந்த வருடப் பஞ்சாங்கத்தில் அன்றைய நட்சத்திரம் எத்தனை நாழிகை வரை என்று பாருங்கள். பூசம் மாறி ஆயில்யம் வந்தாலும் ராசி கடகமே, கவலையில்லை. ஆயில்யம் முடிந்து மகம் பிறக்கிற நாள் என்றால் கடகம், சிம்மம் இரண்டுக்கும் கட்டம் போட்டு, பழைய ஏழரைச் சனிக் காலங்களில் எந்தக் கணக்கு அவர் வாழ்க்கையோடு ஒத்துப்போகிறது என்று அப்பாவையே கேளுங்கள்.