சென்ட், கிரவுண்டு, ஏக்கரைச் சதுர மீட்டராக மாற்றுவது

கேள்வி: மனைப் பதிவேட்டில் எல்லாம் சதுர மீட்டரில் வேண்டும், பத்திரங்களில் சென்ட், கிரவுண்டு, ஏக்கர் என்று கலந்து இருக்கிறது, எப்படி மாற்றுவது?

ஒரு சென்ட் 40.4686 சதுர மீட்டர், ஏக்கர் அதில் நூறு மடங்கு. கிரவுண்டு மட்டும் தனி ரகம்: அது 2400 சதுர அடி, அதாவது 222.967 சதுர மீட்டர். கிரவுண்டை ஐந்தரை சென்ட் என்று வைத்துக் கணக்குப் போடாதீர்கள், கிரவுண்டுக்கு நாலு சதுர அடிக்கு மேல் குறையும். நேரே சதுர அடியாக்கி 0.092903-ஆல் பெருக்குங்கள். உதாரணமாக 2 கிரவுண்டு 600 சதுர அடி என்றால் 5400 சதுர அடி, பெருக்கினால் 501.68 சதுர மீட்டர்.

உண்மையில் ஆளைக் கவிழ்ப்பது ஏக்கரில் வரும் புள்ளிதான். பத்திரத்தில் "1 ஏக்கர் 7 சென்ட்" என்று இருப்பதை அவசரத்தில் 1.7 என்று தட்டிவிடுவார்கள் (நானும் செய்திருக்கிறேன்), ஆனால் அது 170 சென்ட், சரியானது 1.07. முதலில் எல்லாவற்றையும் சென்ட்டாக்குங்கள்: 107 சென்ட், 4330.14 சதுர மீட்டர். 1.7 என்று போட்டிருந்தால் 6879.66 வந்திருக்கும், 63 சென்ட் சும்மா முளைத்திருக்கும்!

அப்புறம் பட்டாவோடு ஒப்பிடுங்கள். அதில் ஹெக்டேர், ஏர் கணக்கு; ஒரு ஏர் 100 சதுர மீட்டர், ஆகவே இந்த நிலம் 43.30 ஏர் அளவில் இருக்க வேண்டும். சில்லறை வித்தியாசம் முழுமையாக்கலால் வருவது. மடங்கில் வித்தியாசம் இருந்தால் புள்ளியைத் தேடுங்கள்.