FALSE-ஐ எடுத்ததும் நிரம்பிய கணக்கு எண்கள்

கேள்வி: நூல் மில்லில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். 346 பேர் சம்பளப் பட்டியலில் வங்கிக் கணக்கு எண் பத்தி காலியாக இருக்கிறது. கணக்கு எண்கள் Bank என்ற இன்னொரு ஷீட்டில் இருக்கின்றன. டோக்கன் நம்பரை வைத்துத் தேட எக்ஸெலில் VLOOKUP போட்டேன். புதிதாகச் சேர்ந்த 43 பேருக்கு மட்டும் #N/A வந்தது. பக்கத்து சீட் அண்ணன் கடைசியில் உள்ள FALSE-ஐ எடுத்துவிடச் சொன்னார். எடுத்தேன், எல்லா வரியும் நிரம்பிவிட்டது. ஷீட்களின் படம் அனுப்பியிருக்கிறேன். நாளைக் காலை வங்கிக்கு அனுப்ப வேண்டும். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். முதலில் சம்பள ஷீட்டில் C பத்தியை வரிசைப்படுத்திப் பாருங்கள். ஒரே கணக்கு எண் 44 வரிகளில் இருக்கும். அது உங்கள் பழைய ஆட்களில் கடைசி டோக்கன்காரரான 1412-இன் கணக்கு. 43 பேர் சம்பளமும் அவர் கணக்குக்குப் போகத் தயாராக நிற்கிறது. பார்த்த பிறகு Undo கொடுத்து ஷீட்டைப் பழைய வரிசைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

ஏன் இப்படி ஆனது என்றால், FALSE என்பது "இதே டோக்கன் நம்பர் இருந்தால் மட்டும் கொடு, இல்லையென்றால் இல்லை என்று சொல்" என்கிற கட்டளை. அதை எடுத்துவிட்டால் எக்ஸெல் தானாக TRUE என்று எடுத்துக்கொள்கிறது. அப்போது "இதே நம்பர் கிடைக்காவிட்டால் இதைவிடச் சின்னதில் நெருங்கிய நம்பரைக் கொடு" என்று அர்த்தம் மாறிவிடும். 1413 முதல் 1455 வரை தேடியபோது ஒன்றும் கிடைக்கவில்லை. நெருங்கிய சின்ன நம்பர் 1412, அதனால் அவர் கணக்கை 43 முறை எழுதிவிட்டது. வருமான வரி அடுக்கு, தபால் கட்டணம் மாதிரி "இவ்வளவு முதல் இவ்வளவு வரை" என்கிற கணக்குகளுக்கு இந்த TRUE வேண்டியதுதான். ஆள், கணக்கு எண், பில் நம்பர் என்று வரும் இடங்களில் அதற்கு வேலையே இல்லை. ஆனாலும் ஒன்றும் எழுதாமல் விட்டால் TRUE என்று வைத்திருக்கிறார்கள். எத்தனை ஆபீஸ்களில் இந்த ஒரு முடிவால் மறுபடி கணக்குப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது.

சம்பள ஷீட்டில் C2-வில் இருக்க வேண்டியது இது:

```
=VLOOKUP(A2,Bank!$A$2:$D$347,4,FALSE)
```

A2-வில் உள்ள டோக்கன் நம்பரை Bank ஷீட்டின் முதல் பத்தியில் தேடு, கிடைத்தால் அதே வரியின் நாலாவது பத்தியில் உள்ள கணக்கு எண்ணைக் கொண்டுவா என்று பொருள். டாலர் குறிகளை விட்டுவிடாதீர்கள். விட்டால், கீழே இழுக்க இழுக்கத் தேடும் இடமும் கீழே நழுவும், மேலே உள்ள பெயர்கள் கைவிட்டுப் போகும். C2-வில் விடை வராமல் பார்முலாவே எழுத்தாகத் தெரிந்தால் அந்தப் பத்தி Text என்று இருக்கிறது. General ஆக மாற்றி, செல்லில் F2 தட்டி Enter கொடுங்கள்.

இப்போது அந்த 43 #N/A. அது கோளாறு இல்லை, எக்ஸெல் உண்மையைச் சொல்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். Bank ஷீட்டில் 1412 வரை டோக்கன் நம்பர்கள் செல்லின் வலது ஓரத்தை ஒட்டி நிற்கின்றன. 1413-இலிருந்து இடது ஓரம், கூடவே மூலையில் சின்னப் பச்சை முக்கோணம். வலது பக்கம் நிற்பது எண். இடது பக்கம் நிற்பது எண் போலத் தோன்றும் எழுத்து. நம் கண்ணுக்கு இரண்டும் 1413 தான். VLOOKUP-க்கு இரண்டும் வேறு வேறு ஆட்கள். சம்பள ஷீட்டில் டோக்கன்கள் எண்ணாக இருக்கின்றன, Bank ஷீட்டில் புது ஆட்களுடையது எழுத்தாக இருக்கிறது, அதனால் பொருந்தவில்லை. டைம் ஆபீஸ் வருகைப்பதிவு மெஷினிலிருந்து இறக்கி அப்படியே கீழே ஒட்டியிருப்பார்கள். இந்த மென்பொருள்கள் எண்ணை எழுத்தாக இறக்குவது வருஷக்கணக்காக நடக்கிறது. விற்றவர்களிடம் சொன்னால் "எக்ஸெல் பிரச்சினை சார்" என்று ஒரே பதில். மாதாமாதம் சம்பளத் தேதியில் முட்டிக்கொள்வது உங்களைப் போன்றவர்கள்.

சரிசெய்வது எளிது. Bank ஷீட்டில் A பத்தியை மட்டும் தேர்ந்தெடுங்கள். Data மெனுவில் Text to Columns அழுத்தி, வேறு எதையும் தொடாமல் Finish கொடுங்கள். இடது பக்கம் நின்றவை வலது பக்கம் நகர்ந்துவிடும். சம்பள ஷீட்டில் அந்த #N/A-க்கள் அந்த நொடியே கணக்கு எண்களாக மாறும்.

அப்படியும் இரண்டு மூன்று நகராமல் நின்றால், பெரும்பாலும் நம்பருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். ஓர் ஓரமான காலி செல்லில் `=LEN(Bank!A310)` என்று அந்த வரியைக் கேட்டுப் பாருங்கள். நாலு இலக்க டோக்கனுக்கு 5 என்று வந்தால் அதுதான் காரணம். அந்த நம்பரை அழித்துவிட்டுக் கையாலேயே திரும்ப அடியுங்கள், இரண்டு மூன்று வரிக்கு வேறு வித்தை தேவையில்லை.

இனி நான் சொல்வதை நிதானமாகப் படியுங்கள். டோக்கன் பத்திக்குச் செய்த இந்த Text to Columns வேலையைக் கணக்கு எண் பத்திக்கு ஒருபோதும் செய்யக் கூடாது. டோக்கன் எண்ணாக இருக்கலாம், கணக்கு எண் எழுத்தாகவே இருக்க வேண்டும். எக்ஸெல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் சரியாக நினைவில் வைக்கும், 16-வது இலக்கத்தைச் சுழியாக்கிவிடும். 16 இலக்கக் கணக்கு எண் தரும் வங்கிகள் இருக்கின்றன. 7-இல் முடியும் எண்ணை நீங்கள் அடித்திருப்பீர்கள், உள்ளே 0-இல் முடிவதாகப் பதிந்திருக்கும். சுழியில் தொடங்கும் கணக்கு எண்ணாக இருந்தால் முன்னால் உள்ள சுழி காணாமல் போகும். எண் நீளமாக இருந்து `6.2E+15` மாதிரி ஏதோ தெரிந்தால், பத்தியை Text ஆக மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஆகாது. போன இலக்கம் போனதுதான், பாஸ்புக்கைப் பார்த்துத் திரும்ப அடிக்க வேண்டும். அடிப்பதற்கு முன்பே பத்தியை Text என்று வைத்திருந்தால் மட்டுமே தப்பிக்கும். ஆகவே Bank ஷீட்டின் D பத்தியை மேலிருந்து கீழ் வரை ஒரு முறை கண்ணால் ஓட்டுங்கள். அங்கே வலது ஓரத்தில் நிற்கும் ஒவ்வொரு கணக்கு எண்ணையும் பாஸ்புக் நகலோடு ஒப்பிடுங்கள். இந்தப் பத்தியில் பச்சை முக்கோணம் நல்ல அறிகுறி. அதை அழுத்தினால் Convert to Number என்று ஆசை காட்டும், தொடாதீர்கள்.

டோக்கனுக்குப் பதிலாகப் பெயரை வைத்துத் தேடலாம் என்று யாராவது சொல்வார்கள். நம் பெயர்களில் அது நடக்காது. ஒரு ஷீட்டில் மு. செல்வி, இன்னொன்றில் செல்வி மு, மூன்றாவதில் புள்ளி இல்லாமல் மு செல்வி. இரண்டு மு. செல்வி இருந்தாலோ, VLOOKUP முதலில் கிடைத்தவரின் கணக்கையே இருவருக்கும் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும். பெயரைச் சரிபார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். சம்பள ஷீட்டின் D2-வில் இதைப் போட்டு கீழே இழுங்கள்:

```
=VLOOKUP(A2,Bank!$A$2:$D$347,2,FALSE)
```

Bank ஷீட்டில் அந்த டோக்கனுக்கு என்ன பெயர் இருக்கிறதோ அது வந்து, சம்பளப் பட்டியல் பெயருக்குப் பக்கத்தில் நிற்கும். 346 வரியையும் ஒரு ஸ்கேலை வைத்து வாசித்தால் கால் மணி, அரை மணி நேரம். இன்று இரவு அதைச் செய்யுங்கள். ஏனென்றால் நெஃப்ட்டில் பெயர் தவறாக இருந்தால் வங்கி நிறுத்திவிடும் என்ற நம்பிக்கை இன்னும் பலருக்கு இருக்கிறது. கணக்கு எண்ணை மட்டும் பார்த்தே வரவு வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே சொல்லிவிட்டது, எண்ணைச் சரியாகத் தருவது அனுப்புகிறவர் பொறுப்பு என்பதும் அதிலேயே வருகிறது. தவறிப்போன பணத்தைக் கேட்டு வங்கிக்கும் மில்லுக்கும் நடக்கப் போவது நீங்கள்தான், FALSE-ஐ எடுக்கச் சொன்ன அண்ணன் வரமாட்டார்.

இன்னொன்று, #N/A அசிங்கமாக இருக்கிறது என்று IFERROR போட்டு வெற்றிடமாக்காதீர்கள். சில மாதங்களுக்கு முன் ஒரு சிறு தொழிற்கூடத்துக்காரர் என்னிடம் ஒரு ஃபைல் கொண்டுவந்தார். "சம்பள சாஃப்ட்வேர்" என்று சொல்லி ஒரு கம்ப்யூட்டர் சென்டர்க்காரர் 3,000 ரூபாய்க்குக் கொடுத்தது. திறந்து பார்த்தால் உள்ளே இருந்தது ஒரே ஒரு VLOOKUP, அதுவும் FALSE இல்லாமல், மேலே IFERROR மூடி. எந்த வரியிலும் பிழை தெரியாது, எந்த வரி சரி என்றும் தெரியாது. இதைவிட மோசம், பட்டியலை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு "நிரப்பித் தருகிறேன்" என்கிறவர்கள். வரிக்கு இத்தனை ரூபாய் என்று வாங்கிக்கொண்டு, பார்முலாவை எடுத்துவிட்டு வெறும் எண்களாக ஒட்டித் தருவார்கள். எங்கே தப்பியது என்று தேட ஒரு தடயமும் மிஞ்சாது. 346 பேரின் பெயரும் கணக்கு எண்ணும் வெளியாள் ஒருவரின் போனில் இருக்கும் என்பதையும் யோசியுங்கள்.

எல்லாம் சரிபார்த்து முடிந்ததும் C பத்தியை நகலெடுத்து, அதே இடத்தில் Paste Special, Values கொடுத்து ஒட்டிவிடுங்கள். வங்கி CSV ஃபைல் கேட்டால் சேமித்த பிறகு அதை எக்ஸெலில் இரண்டாவது முறை திறந்து Save கொடுக்காதீர்கள், திறந்ததுமே கணக்கு எண்களை மறுபடி எண்ணாக்கி முன்சுழியைத் தின்றுவிடும். பார்க்க வேண்டுமானால் நோட்பேடில் திறங்கள்.

இத்தனைக்குப் பிறகும் #N/A என்றே நிற்கிறவர்கள் Bank ஷீட்டில் நிஜமாகவே இல்லை. அவர்கள் வரியை நாளை அனுப்பும் ஃபைலிலிருந்து எடுத்துத் தனியாக வையுங்கள். காலை ஷிஃப்டில் அவர்களைக் கூப்பிட்டுப் பாஸ்புக் முதல் பக்கத்தை வாங்கி, Bank ஷீட்டில் சேருங்கள். வரிகள் 347-ஐத் தாண்டினால் பார்முலாவில் உள்ள `$D$347`-ஐயும் மாற்றுங்கள். அவர்கள் சம்பளத்தை இரண்டாவது ஃபைலாக மதியம் அனுப்பலாம்.