வீட்டுக்காரர் பதில் சொல்லாவிட்டால் என்ன எழுதி அனுப்புவது?

"ஒரு வாடகை வீட்டைப் பார்த்துவிட்டு வந்தோம், ரொம்பப் பிடித்திருக்கிறது. வீட்டுக்காரர் 'யோசித்துச் சொல்கிறேன்' என்றார். சில நாளாகியும் பதிலே இல்லை. மறுபடி மெசேஜ் அனுப்பினால் தொல்லை என்று நினைப்பாரா? அனுப்புவதாக இருந்தால் என்ன எழுதுவது?"

அனுப்புங்கள். இன்றைக்கே அனுப்புங்கள். ஆனால் "சார், என்ன ஆச்சு?" என்று மட்டும் அனுப்பாதீர்கள்.

இதை நான் இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறேன். குடும்பத்துக்குச் சொந்தமான ஒரு வீட்டை வாடகைக்கு விடும் வேலை பல வருடமாக என் தலையில்தான் இருக்கிறது. நானோ இன்னொரு ஊரில் வாடகை வீட்டில் இருக்கிறேன். அதனால், வீட்டுக்காரர்களுக்கு வக்காலத்து வாங்க வந்துவிட்டாள் என்று யாரும் கிளம்ப வேண்டாம். பதில் சொல்லாமல் இழுத்தடிப்பவர்கள் மேல் எனக்கும் கோபம் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். விளம்பரம் போட்ட வாரத்தில் என் போன் என்னுடையதாகவே இருக்காது. வருவதெல்லாம் பெயர் பதியாத எண்கள். முகப்புப் படத்தில் ஒரு பூ, ஒரு சாமி படம், ஒரு குழந்தை. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்த குடும்பங்களில் யார் யார் என்று செவ்வாய்க்கிழமையே குழம்பிவிடும். அப்போது ஒரு எண்ணிலிருந்து "வணக்கம் மேடம், வீடு விஷயம் என்ன ஆச்சு?" என்று வரும். எந்த வீடு, நீங்கள் யார், பெரிய பையனோடு வந்தவரா, மாடிப்படியில் நின்று போனில் பேசிக்கொண்டே இருந்தவரா? பதில் எழுத வேண்டுமானால் முதலில் அதை நான் கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம் பார்க்கலாம் என்று வைப்பேன். அதோடு அது கீழே போய்விடும்.

இது ஒரு காரணம்தான். அமைதிக்குப் பெரும்பாலும் வேறு இரண்டு காரணம் இருக்கும். ஒன்று, உங்களுக்கு முன்னால் ஒருவர் "எடுத்துக்கொள்கிறேன்" என்று வாயால் சொல்லியிருப்பார், முன்பணம் கொடுத்திருக்க மாட்டார். அவர் உறுதி செய்யும்வரை உங்களிடம் ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்று சொல்லி உங்களை விட்டுவிடவும் மனம் வராது. இரண்டாவது, இப்போது குடியிருப்பவர் காலி செய்யும் தேதி உறுதியாகியிருக்காது. இரண்டிலும் அவர் கையில் உங்களுக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை, அதனால்தான் சொல்லவில்லை. ஒரு வரி "இன்னும் தெரியவில்லை" என்று போடலாமே என்று கேட்பீர்கள். போடலாம். போடுவதில்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வேலை மாறி வீடு தேடிக்கொண்டிருந்த சமயம், மாடி வீடு ஒன்றைப் பார்த்தோம். நல்ல வெளிச்சம். குளியலறைக் கதவின் தாழ்ப்பாள் மட்டும் ஓட்டையில் விழவில்லை, வீட்டுக்காரர் இரண்டு மூன்று தடவை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு "இதை மாற்றித் தந்துவிடுகிறேன்மா" என்றார். இரண்டு நாளில் சொல்வதாகச் சொன்னார். சொல்லவில்லை. அவர் சொன்ன கெடு முடிந்து இன்னொரு நாளும் போகவிட்டு, வீடு பார்க்க நேரம் குறித்துக்கொண்ட அதே வாட்ஸ்அப்பில் நான் அனுப்பியது கிட்டத்தட்ட இது:

"வணக்கம் சார். ஞாயிறு மாலை உங்கள் மாடி வீட்டைக் கணவரோடும் மகளோடும் வந்து பார்த்தேன். குளியலறைத் தாழ்ப்பாளை மாற்றித் தருவதாகச் சொன்னீர்கள். வீடு எங்களுக்குப் பிடித்திருக்கிறது, நீங்கள் சொன்ன வாடகைக்கும் முன்பணத்துக்கும் சம்மதம். நாங்கள் மூன்று பேர். அடுத்த மாதம் முதல் தேதி குடிவர முடியும். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு எல்லாம் தயாராக இருக்கிறது. எங்களுக்குத் தருவதாக இருக்கிறீர்களா? இப்போதைய வீட்டில் வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, அதனால்தான் கேட்கிறேன்."

ஏன் இப்படி என்றால், போனைத் திறக்காமலே திரையில் தெரிவது முதல் ஒன்றிரண்டு வரிதான். அந்த வரியை "எப்படி இருக்கிறீர்கள், நலமா" என்று வீணாக்கக் கூடாது. எந்த நாள், எந்த வீடு, யாரோடு என்பது அங்கேயே வர வேண்டும். தாழ்ப்பாளைச் சேர்த்ததற்கும் காரணம் அதுதான். பெயரைச் சொன்னால் அவருக்கு ஞாபகம் வராது, நேரில் பேசிய ஒரு சின்ன விஷயத்தைச் சொன்னால் முகமே வந்துவிடும். கூடவே, அவர் தருவதாகச் சொன்னது எழுத்திலும் ஏறிவிடுகிறது.

அடுத்தது முடிவு. வந்து பார்ப்பவர்கள் எல்லோரும் போகும்போது "நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார்கள், அதற்கு மதிப்பே கிடையாது. பணத்துக்குச் சம்மதம், எத்தனை பேர், எந்தத் தேதி என்று எழுதியிருந்தால், அவர் அதை அப்படியே மனைவிக்கோ தம்பிக்கோ அனுப்பி "இவர்களுக்குக் கொடுக்கலாமா" என்று கேட்க முடியும். நிறைய வீடுகளில் முடிவு எடுப்பவர் உங்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டியவராக இருக்க மாட்டார்.

"எடுத்த எடுப்பிலேயே வாடகைக்குச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் பேரம் எப்படிப் பேசுவது" என்று யாராவது கேட்பார்கள். பேரம் பேசும் எண்ணம் இருந்தால் சம்மதம் என்று எழுதாதீர்கள். "இந்த அளவு குறைத்தால் உடனே முன்பணம் தருகிறேன்" என்று ஒரே ஒரு நிபந்தனையாக இந்த மெசேஜிலேயே வையுங்கள். சம்மதம் என்று சொல்லிவிட்டு அவர் சரி என்றதும் குறைக்கச் சொல்பவரை எனக்குப் பிடிக்காது, அவர்களுக்குப் பதிலாக அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிடுவேன். அதே மாதிரி, பெயின்ட் அடிப்பீர்களா, அலமாரிக்குக் கதவு போடுவீர்களா என்று இந்த மெசேஜில் பட்டியல் போடாதீர்கள். அது இல்லாவிட்டால் வீடே வேண்டாம் என்கிற விஷயம் மட்டும் வரலாம், மற்றது அவர் ஆம் சொன்ன பிறகு.

கடைசியில் கேட்கிற கேள்வி ஒரே சொல்லில் பதில் சொல்லும்படி இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை என்று போட்டேனே, அது உண்மையான தேதி. "இன்னொரு வீட்டுக்காரர் காத்திருக்கிறார்" என்று சும்மா எழுதாதீர்கள். "அப்படியா, அதையே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தால் என்ன செய்வீர்கள்?

எல்லாவற்றையும் ஒரே மெசேஜாக அனுப்புங்கள். சார் என்று ஒன்று, வணக்கம் என்று ஒன்று, வீடு பார்த்தோமே என்று ஒன்று எனத் துண்டு துண்டாக அனுப்பினால் டொக் டொக்கென்று கதவைத் தட்டிக்கொண்டே இருப்பது மாதிரிதான். குரல் பதிவும் வேண்டாம். இந்தக் குரல் பதிவு விஷயத்தில் எனக்குத் தனிக் கடுப்பே உண்டு. பாதி நேரம் இருமலும் பின்னால் டிவி சத்தமும், நடுவில் எங்கோ ஒரு தேதி சொல்லியிருப்பார்கள், அதைத் தேடி மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும். என் சொந்தக்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள், சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள். சரி, அது வேறு கதை.

புரோக்கர் மூலமாகப் பார்த்திருந்தால் மெசேஜ் அவருக்குத்தான் போக வேண்டும். வீட்டுக்காரர் எண் எப்படியோ கிடைத்துவிட்டது என்று நேராகப் போனால், கமிஷனை ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று புரோக்கர் நினைப்பார். உங்களைப் பற்றி அவர் என்ன சொல்லி வைப்பார் என்று சொல்லவே வேண்டாம்.

எனக்கு அன்று ராத்திரியே பதில் வந்தது. குடியிருப்பவரின் புது வீடு முடியவில்லை, அவர் எப்போது கிளம்புவார் என்று தெரியாமல் உங்களிடம் என்ன சொல்வது என்று விட்டுவிட்டேன்மா என்றார். வீடு கிடைக்கவில்லை, எங்களால் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. ஆனால் அந்த ஒரு மெசேஜ் இல்லாவிட்டால் அந்த மாதம் முழுக்க அந்த மாடியையே நினைத்துக்கொண்டு வேறு வீட்டைச் சரியாகப் பார்த்திருக்க மாட்டேன்.

நீங்கள் குறித்த தேதி வரைக்கும் பதில் வரவில்லை என்றால், அன்றைக்கு ஒரு தடவை போன் செய்யுங்கள். எடுக்கவில்லையென்றால் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். "வேறு வீடு பார்க்கத் தொடங்குகிறோம், உங்கள் வீடு காலியாகவே இருந்தால் சொல்லுங்கள், வருகிறோம்" என்று இரண்டு வரி அனுப்பிவிட்டு நிறுத்துங்கள். நீல டிக் விழுந்ததா, விளம்பரம் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. வீட்டைக் கொடுத்த பிறகும் விளம்பரத்தை எடுக்க மறந்துபோகிறவர்கள் ஏராளம்.

இந்த இரண்டு வரிக்கு வேலை இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு ஒருமுறை முதலில் சரி சொன்னவர், சாவி வாங்க வேண்டிய வாரத்தில் வரவில்லை என்றுவிட்டார். மறுபடி விளம்பரம் போட அலுப்பு. பழைய மெசேஜ்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். எத்தனை பேர், எந்தத் தேதி, சம்மதம் என்று எழுதி, கடைசியில் காலியாக இருந்தால் சொல்லுங்கள் என்று முடித்திருந்த ஒரு அம்மாவைத்தான் கூப்பிட்டேன். இன்றைக்கும் அவர்கள்தான் இருக்கிறார்கள்.

இப்போது என் கோபம். பதில் சொல்லாத வீட்டுக்காரர்களைத் திட்டுகிறோம், சரி. எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வேறு வீடு கிடைத்ததும் போனையே எடுக்காத குடித்தனக்காரர்களை என்ன சொல்வது? அவர்களுக்காக இரண்டு பேருக்கு இல்லை என்று சொல்லியிருப்பேன். வேண்டாம் என்று ஒரு சொல் தட்டிவிட முடியாதா?

ஒன்றில் மட்டும் கவனம். பல நாள் மௌனமாக இருந்தவர் திடீரென்று "இன்னொருவர் வருகிறார், ராத்திரிக்குள் பணம் போட்டால் வீடு உங்களுக்கு" என்றால் போடாதீர்கள். அவர் பெயரில்தான் வீடு இருக்கிறதா என்று காகிதத்தில் பார்த்து, நேரில் கொடுத்து ரசீது வாங்குங்கள், இல்லையென்றால் வீட்டுச் சொந்தக்காரர் பெயரில் உள்ள கணக்கில் மட்டும் போடுங்கள். ஆம் என்று நல்லபடியாகப் பதில் வந்தாலும், ஒப்பந்தம் எழுதும் நாளையும் சாவி தரும் நாளையும் அன்றே கேட்டு வாங்குங்கள். முன்பணம் கைமாறும்வரை ஏற்கெனவே பார்க்க ஒத்துக்கொண்ட மற்ற வீடுகளையும் போய்ப் பார்த்துவிடுங்கள்.