திருப்திக்குச் சராசரி போடலாமா? அளவீட்டு மட்டங்கள் பற்றிக் கேள்வி பதில்

அம்பாசமுத்திரம், எம்.ஏ. பொருளாதார மாணவர்: கன்னடியன் கால்வாயில் தலைமடை, கடைமடை விவசாயிகளிடம் "பிசானத்துக்குத் தண்ணீர் கிடைத்தது எப்படி?" என்று கேட்டேன் சார். மிக மோசம் 1, மோசம் 2, பரவாயில்லை 3, திருப்தி 4, மிகத் திருப்தி 5. சராசரி போட்டு ஒப்பிட்டதற்கு, "இது ஆர்டினல், சராசரி கூடாது" என்று கைடு திருப்பி அனுப்பிவிட்டார். ஊரெல்லாம் போடுகிறார்களே?

தம்பி, கைடு சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆர்டினல் என்றால் எது மேலே, எது கீழே என்ற வரிசை மட்டும் தெரியும், இடைவெளி தெரியாது. ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவைதான்.

தலைமடையில் ஐந்து பேர் சொன்னது 2, 2, 2, 5, 5. கடைமடையில் ஐந்து பேர் சொன்னது 2, 3, 3, 3, 4. தலைமடைச் சராசரி 3.2, கடைமடைச் சராசரி 3.0. ஆகவே தலைமடைக்காரர்களுக்குத்தான் திருப்தி கூடுதல் என்று எழுதுவீர்கள்.

இப்போது ஒன்று யோசித்துப் பாருங்கள். மோசத்துக்கும் பரவாயில்லைக்கும் நடுவே உள்ள தூரம் ஒன்றுதான் என்று உங்களிடம் யார் சொன்னது? பயிர் காய்ந்தவருக்கும் எப்படியோ கரையேறியவருக்கும் உள்ள தூரம் அது. மற்ற இடைவெளிகளை விட அது பெரிதாகவே இருக்கலாம். அதனால் 1, 2, 3, 4, 5 என்பதற்குப் பதில் 1, 2, 4, 5, 6 என்று எண் கொடுப்போம். வரிசை மாறவில்லை, விவசாயி சொன்ன வார்த்தையும் மாறவில்லை. தலைமடை 2, 2, 2, 6, 6 ஆகிறது, சராசரி 3.6. கடைமடை 2, 4, 4, 4, 5 ஆகிறது, சராசரி 3.8. முடிவு தலைகீழாகிவிட்டது!

பதில் சொன்னவர்கள் அதே பத்துப் பேர். மாறியது நீங்கள் ஒட்டிய எண் மட்டும். அதை மாற்றினால் கவிழ்ந்துபோகிற முடிவு, விவசாயியைப் பற்றிய முடிவு ஆகாது. வரிசையில் நடுவில் நிற்பவரின் எண்ணான மீடியனைப் பாருங்கள். முதல் எண்களில் தலைமடைக்கு 2, கடைமடைக்கு 3. மாற்றிய எண்களில் 2, 4. இரண்டிலும் கடைமடைதான் மேலே. வரிசை கெடாமல் எண்ணை எப்படி மாற்றினாலும் மீடியன் அதே ஆளிடம்தான் போய் நிற்கும்.

அமெரிக்க உளவியலாளர் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் 1946இல் நாமினல், ஆர்டினல், இன்டர்வல், ரேஷியோ என்று நான்கு அளவீட்டு மட்டங்களை வகுத்தபோது அடிப்படையாகப் பிடித்துக்கொண்டது இதுதான். எண்களை எந்த அளவுக்கு மாற்றினாலும் தகவல் கெடாது என்று முதலில் பார்க்க வேண்டும். அந்த மாற்றத்துக்கெல்லாம் தாக்குப்பிடிக்கிற புள்ளியியலைத்தான் பயன்படுத்த வேண்டும்.

அதே மாணவர்: என் உண்மையான தரவில் பக்கத்துக்கு 30 பேர். இரண்டு பக்கமும் மீடியன் 3தான் வருகிறது. அப்போது வித்தியாசமே இல்லை என்று எழுதிவிடவா?

அவசரப்பட வேண்டாம். ஐந்தே படி உள்ள அளவில் மீடியன் ரொம்ப முரட்டுக் கருவி. ஒரு பக்கம் ஏறக்குறைய பாதிப்பேர் 1லும் 2லும் கிடக்க, இன்னொரு பக்கம் ஏறக்குறைய பாதிப்பேர் 4லும் 5லும் இருந்தால்கூட, நடுவில் நிற்கிறவர் 3 சொன்னால் இரண்டுக்கும் மீடியன் 3தான். முதலில் எத்தனை பேர் எந்தப் பதில் சொன்னார்கள் என்ற அட்டவணையைப் போடுங்கள். பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் மான்-விட்னி சோதனை. அது செய்வது எளிமையான வேலை. தலைமடைக்காரர் ஒவ்வொருவரையும் கடைமடைக்காரர் ஒவ்வொருவரோடும் ஜோடி சேர்த்து, யார் மேலே என்று மட்டும் கேட்கிறது. மேலே சொன்ன ஐந்துக்கு ஐந்தில் 25 ஜோடி. தலைமடை மேலே இருப்பது 10, கடைமடை மேலே இருப்பது 12, சமம் 3. எண்களை 1, 2, 4, 5, 6 என்று மாற்றி எண்ணிப் பாருங்கள், மறுபடியும் 10, 12, 3தான் வரும். பத்துப் பேரில் 10க்கும் 12க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, அது வேறு விஷயம். எண்ணை மாற்றினாலும் விடை ஆடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்று. 30 பேர் என்றால் நடுவில் இரண்டு பேர் நிற்பார்கள். ஒருவர் 3, மற்றவர் 4 என்றால் மென்பொருள் 3.5 என்று கொடுக்கும். அந்த அரையும் சராசரி போட்டு வந்ததுதான். "பரவாயில்லைக்கும் திருப்திக்கும் நடுவில்" என்று வார்த்தையில் எழுதிவிடுங்கள்.

சேரன்மகாதேவி, ஓய்வு பெற்ற வேளாண் அலுவலர்: வரிசைக்கு மீடியன், வெறும் பெயருக்கு அதிகம் பேர் சொன்ன பதிலான மோட். பெயருக்கு எண் போட்டுச் சராசரி எடுத்தால் எப்போதும் குப்பைதான். சரியாகச் சொன்னேனா அண்ணாச்சி?

முக்கால்வாசி சரி அண்ணாச்சி. அம்பாசமுத்திரம் 1, சேரன்மகாதேவி 2, பாளையங்கோட்டை 3, நாங்குநேரி 4 என்று தாலுகாவுக்கு எண் போட்டால், சராசரி 2.3 என்று வருவதற்கு ஓர் அர்த்தமும் கிடையாது. தாலுகாக்களை வேறு வரிசையில் எழுதியிருந்தால் வேறு எண் வந்திருக்கும். அங்கே எண்ணிக்கை, சதவீதம், மோட், இரண்டு பெயர்ப் பட்டியலுக்குத் தொடர்பு உண்டா என்று பார்க்க கை-ஸ்கொயர், இவ்வளவுதான் பொருந்தும். SPSS மென்பொருளில் அந்த மாறி `Scale` என்று இருந்தாலும் அது வாய் திறக்காமல் சராசரி போட்டுக் கொடுக்கும். Variable View-இல் `Measure` என்ற பத்தியைப் பார்த்து `Nominal` என்று மாற்றுவது நம் பொறுப்பு.

ஆனால் "எப்போதும்" என்றீர்களே, அங்கேதான் இடறுகிறது. இரண்டே வகை இருந்து, சொந்த நிலத்துக்கு 1, குத்தகைக்கு 0 என்று போட்டால், 50 பேரின் சராசரி 0.64 என்பது 32 பேருக்குச் சொந்த நிலம் என்று சொல்கிறது. அது சராசரி வேடத்தில் வந்த விகிதாசாரம். தாராளமாக எழுதலாம்.

பேட்டை, ஒரு பெற்றோர்: என் மகள் காலாண்டில் 8ஆம் ரேங்க், அரையாண்டில் 4ஆம் ரேங்க். இரண்டு மடங்கு முன்னேற்றம் என்று வைத்துக்கொள்ளலாம்தானே?

முன்னேற்றம் நிச்சயம் அம்மா. எத்தனை மடங்கு என்று ரேங்க் சொல்லாது. நாலுக்கும் எட்டுக்கும் நடுவில் மூன்று மதிப்பெண்ணும் இருக்கலாம், அறுபதும் இருக்கலாம். பாப்பாவின் மதிப்பெண் அப்படியே இருந்து, மேலே இருந்த நாலு பேர் சறுக்கியிருந்தாலும் ரேங்க் நாலுதான். மதிப்பெண் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நாங்குநேரி, வரலாற்று ஆய்வு மாணவி: நான் பார்க்கும் ஓலை ஆவணங்களில் எல்லாம் கொல்லம் ஆண்டுதான். கொல்லம் ஆண்டுக்கு ஒரு தொடக்கம் இருக்கிறதே, அப்படியானால் ரேஷியோ அளவை இல்லையா?

நல்ல கேள்வி அம்மா. தொடக்கம் இருப்பது போதாது, அந்தத் தொடக்கத்தில் அளக்கப்படும் பொருளே இல்லாமல் இருக்க வேண்டும். கொல்லம் ஆண்டு கி.பி. 825இல் தொடங்குகிறது. அதற்கு முன் காலம் ஓடாமலா இருந்தது? மனிதர்கள் வைத்துக்கொண்ட தொடக்கம் என்பதால் இது இன்டர்வல்.

கொல்லம் 400, கொல்லம் 800 என இரண்டு ஓலைகள் இருக்கின்றன என்று வையுங்கள். மாதத்தைப் பொறுத்து 824 அல்லது 825 கூட்டினால் கி.பி. வரும். 825 கூட்டுவோம், 1225, 1625. இரண்டு கணக்கிலும் இடைவெளி 400 ஆண்டுதான். ஆனால் கொல்லத்தில் இரண்டாவது எண் முதல் எண்ணைப் போல் இரு மடங்கு, கி.பி.யில் அப்படி இல்லை. எனவே கழிக்கலாம், சராசரி ஆண்டு சொல்லலாம், திட்ட விலக்கம் போடலாம். மடங்கு மட்டும் சொல்லக் கூடாது.

மாணவர்கள் இங்கே தெரியாமல் விழுகிற குழி மாறுபாட்டுக் கெழு, அதாவது திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்துச் சதவீதமாகச் சொல்வது. உங்கள் ஓலைகளின் சராசரி கொல்லம் 800, திட்ட விலக்கம் 40 ஆண்டு என்றால் கெழு 5 சதவீதம். அதே ஓலைகளைக் கி.பி.க்கு மாற்றினால் திட்ட விலக்கம் 40 அப்படியே இருக்கும், சராசரி 1625 ஆகிவிடும், கெழு சுமார் 2.5 சதவீதம். ஓலைகள் திடீரென்று நெருங்கி வந்துவிடவில்லை. சராசரியால் வகுக்கிற எதுவும் இன்டர்வலில் நிற்காது. பாளையங்கோட்டை வெயிலை செல்சியஸில் அளந்து கெழு போட்டாலும் இதே கதைதான்.

நெல் மகசூலில் அந்தத் தொல்லை இல்லை. கிலோவில் அளந்தாலும் கோட்டையில் அளந்தாலும் ஒன்றும் விளையாதது பூஜ்ஜியம்தான், இரு மடங்கு இரு மடங்குதான். அது ரேஷியோ. கெழு, பெருக்கல் சராசரி எல்லாம் அங்கே செல்லும்.

மேலப்பாளையம், சமூகப்பணி மாணவர்: பீடி சுற்றும் பெண்களிடம் மாத வருமானம் கேட்டு 3000க்குக் கீழ், 3000 முதல் 6000, 6000க்கு மேல் என்று டிக் வாங்கிவிட்டேன். வருமானம் ரேஷியோதானே, சராசரி வருமானம் போட எது வழி?

வருமானம் ரேஷியோதான் தம்பி, உங்கள் கையில் இருப்பது ஆர்டினல். படிவத்தில் கட்டம் போட்ட அன்றே மட்டம் இறங்கிவிட்டது. கட்டத்தின் நடுமதிப்பை எடுத்துச் சராசரி போடும் பழக்கம் உண்டு. ஆனால் "6000க்கு மேல்" என்பதன் நடு எது? 7000 என்று வைத்தால் ஒரு சராசரி, 9000 என்று வைத்தால் இன்னொன்று. மீடியன் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று சொல்லுங்கள், கட்டவாரியாகச் சதவீதம் கொடுங்கள், குழுக்களை ஒப்பிட மான்-விட்னி போடுங்கள். களத்துக்கு இன்னொரு முறை போக முடிந்தால் தொகையை எண்ணாகவே எழுதி வாருங்கள். எண்ணிலிருந்து கட்டத்துக்கு எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம், கட்டத்திலிருந்து எண்ணுக்கு ஏற முடியாது.

பாளையங்கோட்டை, எம்.எட். மாணவி: என்னுடையது ஒரே கேள்வி இல்லை சார். ஆசிரியர் மனப்பான்மை பற்றி 20 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. கூட்டினால் 20 முதல் 100 வரை மதிப்பெண். இதற்கு இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி-சோதனை போடலாமா, கூடாதா? இரண்டு பேராசிரியர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

இரண்டு பேர் பக்கமும் ஆள் இருக்கிறது அம்மா. ஸ்டீவன்ஸின் விதியை அப்படியே பிடித்தால், ஆர்டினல்களைக் கூட்டினாலும் ஆர்டினல்தான். ஆனால் அவரே 1946 கட்டுரையில், வரிசை அளவைக்குச் சராசரியும் திட்ட விலக்கமும் போடுவது கறாராகப் பார்த்தால் தவறு என்றாலும் பல இடங்களில் பயன் தருகிறது என்று வழிவிட்டிருக்கிறார். 1953இல் புள்ளியியல் அறிஞர் பிரெடரிக் லார்ட் கால்பந்து வீரர்களின் சட்டை எண்களை வைத்து எதிர்வாதம் செய்தார். எண்கள் எங்கிருந்து வந்தன என்பது எண்களுக்குத் தெரியாது, சோதனை அது பாட்டுக்கு வேலை செய்யும் என்பது அவர் பக்கம். இன்னும் தீராத வழக்கு இது.

என் கருத்து, ஒற்றைக் கேள்விக்குச் சராசரி வேண்டாம். இருபது வாக்கியக் கூட்டுத்தொகைக்கு டி-சோதனை போடுவதை நான் தடுக்க மாட்டேன். ஒரு வாக்கியத்தில் இடைவெளி பெரிது, இன்னொன்றில் சிறிது என்று இருப்பது கூட்டும்போது ஓரளவு சமனாகிறது. ஆனால் எல்லாரும் 90க்கு மேல் குவிந்திருந்தால் அந்தச் சமாதானம் நிற்காது. அங்கே 92க்கும் 96க்கும் உள்ள தூரம், 52க்கும் 56க்கும் உள்ள தூரம்தானா என்று உங்களால் சொல்ல முடியாது. அதனால் முதலில் வரைபடம் போட்டுக் குவியலைப் பாருங்கள். டி-சோதனையோடு மான்-விட்னியும் போடுங்கள். இரண்டும் ஒரே பக்கம் சொன்னால் இரண்டு பேராசிரியர்களிடமும் அதைக் காட்டலாம். வேறு வேறு பக்கம் சொன்னால் இரண்டையும் அட்டவணையில் போட்டு, மதிப்பெண்கள் எங்கே குவிந்திருக்கின்றன என்று கீழே எழுதுங்கள். எது வசதியோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறைக்காதீர்கள். 80 எடுத்தவருக்கு 40 எடுத்தவரைப் போல் இரு மடங்கு மனப்பான்மை என்று மட்டும் எந்தக் கட்சிக்காரரும் எழுத விடமாட்டார்.